தலையணையை எந்தப் பக்கம் போடுவது?

கேள்வி: ஐயா, நான் பி.காம். முதலாண்டு மாணவி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். விடுதி மாணவர் ஒருவர் பெருநகரத்தில் தனியாகக் கழிக்கும் முதல் ராத்திரியைப் பற்றி 600 சொற்களில் ஒரு சிறுகதை எழுதும்படி தமிழ் வகுப்பில் சொன்னார்கள். எனக்கு நடந்ததையே எழுதினேன். 'முதல் இரவு' என்று தலைப்பைப் படித்ததுமே வகுப்பு சிரித்துவிட்டது. முழுவதும் கேட்ட மேடம், "இது கட்டுரைம்மா, கதை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். தொடக்கம் இது: "இரவு பகல் பாராமல் இயங்கும் சென்னை மாநகரம்! வானுயர்ந்த கட்டடங்கள், இடைவிடாத வாகனங்கள்! அந்த இயந்திர உலகில் நான் மட்டும் தனிமைக் கடலில் தத்தளித்தேன். கண்ணீர் அருவியாய்க் கொட்டியது." நடந்ததை நடந்தபடி எழுதியும் ஏன் கதையாகவில்லை?

பதில்: நீங்கள் நடந்தபடி எழுதவில்லை, அதுதான் காரணம். உங்கள் விடுதி குரோம்பேட்டையில், ரயில் தண்டவாளத்துக்குப் பின்புறம் இருப்பதாக இரண்டாம் பக்கத்தில் சொல்கிறீர்கள். அங்கே இரண்டாம் மாடி ஜன்னலில் நின்றால் வானுயர்ந்த கட்டடமா தெரியும்? எதிர்வீட்டு மொட்டைமாடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, காயப்போட்டு எடுக்க மறந்த நைட்டி, தாறுமாறாகத் தொங்கும் கேபிள் வயர் தெரியும். உங்கள் முதல் பத்தியைச் சென்னைக்கே வராத ஒருவர் சினிமா பார்த்துவிட்டு எழுதலாம். 'சென்னை'யை அடித்துவிட்டு 'மும்பை' என்று போட்டால் அப்படியே பொருந்தும். அந்த அருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பேரருவி விழுவதைப் பார்த்து வளர்ந்த நீங்கள் கண்ணீரை அதற்கு ஒப்பிடலாமா? வேறு ஊர்க்காரர் எழுதினால் மன்னிக்கலாம்.

ஆனால் உங்கள் நான்கு பக்கத்துக்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது. நீங்கள் அதைத் தெரியாமல் மூன்றாம் பக்கத்தின் அடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த வரி இது: "அம்மா போனில், வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்றார். எனக்கு வடக்கு எது என்றே தெரியவில்லை." அடுத்த வரியிலேயே மறுபடியும் தனிமைக் கடலுக்குள் குதித்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

பெருநகரத்துக்கு வந்த முதல் நாளில் உண்மையில் தொலைவது திசைதான். உங்கள் ஊரில் திசை தெரியாத ஆள் கிடையாது. மேற்கே மலை நிற்கிறது; எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் தெரியும். "கொஞ்சம் மேக்க தள்ளி இரி" என்று திண்ணையில் இருப்பவரிடம்கூடத் திசை வைத்துத்தான் பேசுவீர்கள். குரோம்பேட்டையில் அந்த மலை இல்லை. பல்லாவரம் பக்கத்துச் சிறு குன்றுகள் பகலில் கண்ணில் படலாம், ஆனால் அவை எந்தத் திசை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? காலையில் தாம்பரத்தில் இறங்கி, ஆட்டோவில் ஏறி, நாலு சந்து திரும்பி வந்த பெண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வடக்கும் தெற்கும் ஒன்றுதான். 'நகரம் பிரம்மாண்டமாக இருந்தது' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் ஆகாது. தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் ஒரு பெண் நிற்கிறாள் என்று எழுதுங்கள். அவள் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கட்டுரைக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். உங்கள் கையெழுத்துப் பிரதியில் அந்தப் பெண்ணுக்கு அன்று ராத்திரி செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. உணர்ச்சிவசப்படுவது மட்டுமே அவள் வேலை. இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது: வடக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். அற்பமான வேலைதான். 600 சொல் கதைக்கு அற்பமான வேலையே நல்லது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பாள்? போனில் திசைகாட்டி இருக்கிறது என்று வகுப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் போனைச் சாகடித்துவிடுவார்கள். சார்ஜ் தீர்ந்துவிடும், அல்லது சிக்னல் போய்விடும். நான் நடுவராக இருந்த போட்டிகளில் இப்படிச் செத்த போன்களுக்குக் கணக்கில்லை. அதைச் செய்யாதீர்கள். போன் வேலை செய்யட்டும். வடக்கு எது என்று போனைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டில் அதை யாரும் போனில் பார்த்ததில்லை. வழி உங்கள் பிரதியிலேயே வேறொரு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் காதைப் பற்றிக் கொஞ்சம்.

புது இடத்தில் முதல் ராத்திரி ஏன் தூக்கம் வருவதில்லை என்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். பழகாத இடத்தில் முதல் நாள் தூங்கும்போது மூளையின் இரண்டு பாதியும் ஒரே ஆழத்தில் தூங்குவதில்லையாம். இடது பாதி கொஞ்சம் விழித்தபடியே இருந்து, வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் உடனே எழுப்பிவிடுகிறது. பாதி மூளை தூங்க, பாதி மூளை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பது போல. தூக்கத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் முதல் நாள் பதிவைப் பல சமயம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது அந்த ஆளின் வழக்கமான தூக்கம் அல்ல என்று அவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். இதைக் கதைக்குள் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. உங்களுக்கு இதனால் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த ராத்திரியின் கதை கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. நீங்கள் எழுதியதோ முழுக்கக் கண். வாகனம், விளக்கு, கட்டடம்.

தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் காதுக்கு என்ன கிடைக்கும்? எலெக்ட்ரிக் ட்ரெயின் குரோம்பேட்டையில் நிற்கும். அதனால் அது வரும்போது சத்தம் தேய்ந்து, நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கும். எழும்பூரிலிருந்து தெற்கே போகிற தொலைதூர வண்டிகள் அங்கே நிற்காமல் போகும். நீளமான சத்தம், ஜன்னல் கம்பி அதிரும். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இந்த இரண்டையும் அவள் காது பிரித்துவிடும். நகரம் அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.

இப்போது உங்கள் இரண்டாம் பக்கம். அப்பா உங்களை விடுதியில் விட்டுவிட்டு அன்றிரவே தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஊர் திரும்பினார் என்கிறீர்கள். அடுத்த வரியில், "ஜன்னல் வழியே அப்பா போகும் ரயிலைப் பார்த்துக் கை அசைத்தேன்" என்கிறீர்கள்.

பார்த்திருக்க முடியாதம்மா.

பொதிகை எழும்பூரில் புறப்படுகிறது. மாம்பலம், கிண்டி, பல்லாவரம் எல்லாம் தாண்டி, குரோம்பேட்டையைக் கடந்து, தாம்பரம் சானட்டோரியத்தையும் கடந்து, அதற்குப் பிறகுதான் தாம்பரம். உங்கள் ஜன்னலைக் கடந்தபோது அந்த வண்டிக்குள் அப்பா இல்லை. அவர் தாம்பரம் பிளாட்பாரத்தில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அதே வண்டிக்காகக் காத்திருந்தார். அப்பா இல்லாத ரயிலுக்குக் கை காட்டியிருக்கிறீர்கள்.

இதைப் படித்ததும் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கப் போனேன். பிறகு பேனாவை மூடிவிட்டேன். இந்தப் பிழையை நீங்கள் செய்யவில்லை, கதையில் வரும் பெண் செய்தாள் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. திசை தெரியாத பெண், அந்த வண்டி தாம்பரத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறாள். விடை கொடுக்கிறாள். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு அந்த வண்டிக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். அது கழிந்ததும் அப்பா கூப்பிட்டு, வண்டி இப்போதுதான் ஸ்டேஷனுக்குள் வருகிறது என்கிறார். அந்த நொடியில் அவளுக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. கை காட்டியது வீண் என்பது ஒன்று. வண்டி போன பக்கம்தான் தாம்பரம், அதுதான் ஊர், அதுதான் தெற்கு என்பது இன்னொன்று. வண்டி வந்த பக்கம் வடக்கு.

கதை அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது. 600 சொல்லில் பாதியை அதற்கே கொடுங்கள். நீங்களோ செங்கோட்டை ஸ்டேஷனில் தொடங்கி, பெட்டி கட்டியது, பாட்டி திருநீறு பூசியது, பயணம், ஆட்டோக்காரர் பேரம் என்று முதல் 350 சொல்லைச் செலவழித்துவிட்டீர்கள். அதில் பாட்டி திருநீறு பூசுவது நன்றாகத்தான் வந்திருக்கிறது. வேறொரு கதைக்கு எடுத்து வையுங்கள்.

தொடக்கம் விடுதி வாசலிலேயே இருக்கட்டும். கேட்டைச் சாத்தப் போகிறார்கள், அப்பா கிளம்புகிறார். அந்த நாலைந்து வரிக்குள் இரண்டு விதையை ஊன்றிவிட வேண்டும். ஒன்று, அப்பா எங்கே ஏறப்போகிறார் என்பது. "வண்டி எழும்பூர்லருந்து வரும். நான் இங்கருந்து எலெக்ட்ரிக்ல போயி தாம்பரத்துல ஏறிக்கிடுதேன்" என்று அவரே போகிற போக்கில் சொல்லட்டும். செங்கோட்டை வண்டி தெற்கே போகும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும், அதை விளக்க வேண்டாம். இரண்டாவது, அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்பது. விடுதி என்றால் ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் இருப்பார்கள். 'விடுதி அறையில் தனியாக' என்று படித்ததும் விடுதியில் இருந்த எவருக்கும் சந்தேகம் வரும். உங்கள் விஷயத்தில் மற்ற இருவரும் திங்கட்கிழமைதான் வந்தார்கள், மெஸ்ஸும் அன்றுதான் திறந்தது. அதை ஒரே வரியில் வார்டன் சொல்லிவிட்டுப் போகட்டும். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு மேஜைமேல் ஏன் இருக்கிறது என்பதற்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அம்மாவின் போனை அதற்கடுத்து வையுங்கள். நிறையப் பேச வேண்டாம். சாப்பாடு, தாழ்ப்பாள், வடக்கே தலை வைக்காதே. மூன்றாவதாக, சாதாரணமாக வர வேண்டும். முதலில் வைத்தாலோ அழுத்திச் சொன்னாலோ படிப்பவர் உஷாராகிவிடுவார்.

வட்டார வழக்கைப் பேச்சில் மட்டும் வையுங்கள், அதுவும் ஒன்றிரண்டு சொல்லில். 'பேசுதேன்', 'கெடக்கு' போதும். அவள் பேச்சும் வாட்ச்வுமன் அம்மாவின் "இன்னாம்மா, இன்னும் லைட்ட அணைக்கல?"வும் ஒரே பக்கத்தில் வந்தாலே ஊர் மாறியது தெரிந்துவிடும்.

நடுப்பகுதியை எப்படி எழுதலாம் என்று ஒரு மாதிரிக்கு எழுதிப் பார்த்தேன். 'நான்' என்பதை எடுத்துவிட்டு அவளுக்கு இசக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதினால் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது, உடனே கடலும் அருவியும் வந்துவிடுகின்றன.

மூன்று கட்டிலில் இரண்டு வெறும் பலகையாகக் கிடந்தன. ஜன்னலோரக் கட்டிலில் போர்வையை விரித்தாள் இசக்கி. தலையணையைக் கதவுப் பக்கத்துக் கோடியில் போட்டாள். எடுத்து அலமாரிப் பக்கம் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கதவுப் பக்கமே கொண்டுவந்தாள்.

ஒன்பது மணி தாண்டியிருக்கும். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இது நின்று போகிற வண்டி இல்லை. கதவுப் பக்கமிருந்து விளக்கெரியும் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஓடின. எழுந்து போய் லைட்டை அணைத்துப் போட்டாள். ட்யூப்லைட் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டி யோசித்தது. அது எரிவதற்குள் கடைசிப் பெட்டியும் அலமாரிப் பக்கம் போய் மறைந்துவிட்டது.

"பாத்துப் போங்கப்பா."

இந்நேரம் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளியிருப்பார். துண்டை உதறித் தோளில் போட்டிருப்பார். எதிர் சீட்டுக்காரரிடம், மகளைக் காலேஜில் விட்டுட்டு வாரேன் என்று தொடங்கியிருப்பார். இசக்கி டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடினாள்.

போன் அடித்தது.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேம்ப்பா."

"வண்டி இப்பந்தான் உள்ள வருது. கூட்டமாக் கெடக்கு. ஏறிட்டுப் பேசுதேன்."

"எப்பா..."

வைத்துவிட்டார்.

இசக்கி ஜன்னலைப் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்து அலமாரிப் பக்கம் போட்டாள்.

இதில் வடக்கு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தனிமை என்ற சொல்லும் இல்லை. அம்மா முன்பே சொல்லிவிட்டதால் படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். கணக்குப் போட வைப்பதற்குத்தான் வண்டி 'கதவுப் பக்கமிருந்து' வந்து 'அலமாரிப் பக்கம்' போனது என்று எழுத வேண்டியிருந்தது. கட்டில் தண்டவாளத்துக்கு இணையாகக் கிடக்க வேண்டும். குறுக்காகக் கிடந்தால் இந்த முடிவு செல்லாது. உங்கள் அறையில் கட்டில் எப்படிக் கிடந்தது என்று தெரியாது. கதையில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், வார்டன் திட்ட மாட்டார்.

ட்யூப்லைட் விஷயத்தை நான் சேர்த்தேன். கை காட்டினால் ராத்திரியில் ஓடும் ரயிலிலிருந்து யாருக்குத் தெரியும்? லைட்டை அணைத்துப் போட்டால் தெரியலாம் என்று ஒரு பெண் நினைப்பாள். பழைய ட்யூப்லைட் சட்டென்று எரியாது. எல்.இ.டி. விளக்கு என்றால் இது நடக்காது. உங்கள் விடுதியில் எல்.இ.டி.தான் என்றால் இந்த இரண்டு வரியை எடுத்துவிடுங்கள், பொய்யாக வைக்க வேண்டாம்.

நேரத்தையும் சரிபாருங்கள். கதை எந்த ஆண்டில் நடக்கிறதோ அந்த ஆண்டின் கால அட்டவணையில் பொதிகை எழும்பூரை விடும் நேரத்தைப் பார்த்து, குரோம்பேட்டைக்குக் கணக்கிடுங்கள். மாலையிலிருந்து ராத்திரிவரை நெல்லை, அனந்தபுரி, பாண்டியன் எல்லாம் அதே வழியாகத்தான் போகின்றன. அவள் ஏழரை மணிக்கே ஒரு வண்டியைப் பார்த்து ஏமாந்து எழுந்து நிற்பதாக ஒரு வரி வைக்க இடமிருந்தால் வையுங்கள். ரயில் வேண்டாம், பஸ் என்று மாற்ற நினைத்தால் இந்தக் கதை போய்விடும். அதோடு வகுப்பில் பாதிப்பேர் தென்மாவட்டப் பெண்ணைக் கோயம்பேட்டில் இறக்கியிருப்பார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு அந்த பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. கோயம்பேடு என்று எழுதினால் கதை அதற்கு முந்தைய காலத்தில் நடக்க வேண்டும்.

தலையணையைத் திருப்பிப் போட்டதோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் பிரதியின் கடைசிப் பத்தி, "பொழுது விடிந்தது. புதிய நம்பிக்கையோடு என் பயணம் தொடங்கியது" என்கிறது. அவள் இன்னும் படுக்கவே இல்லை, அதற்குள் ஏன் விடிய வேண்டும்? புளிச்சோற்றைச் சாப்பிட்டாளா என்று நிச்சயம் கேட்பார்கள். சாப்பிட்டாள் என்றும் எழுத வேண்டாம், சாப்பிடவில்லை என்றும் எழுத வேண்டாம்.

தலைப்பைப் பொறுத்தவரை வகுப்பு சிரித்ததில் தப்பில்லை. தமிழில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து கல்யாண மண்டபத்துக்குப் போய் ரொம்ப நாளாகிறது. 'வடக்கு' என்று வைக்கலாமா என்று யோசித்தேன், முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். 'பொதிகை' என்று வையுங்கள். உங்கள் மலைக்கும் அதே பெயர்தான்.